இரண்டு வரியிலும் மேல், மொத்தத்தில் மட்டும் கீழ்

கேள்வி: நான் மருத்துவமனையில் தாதி. வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் பட்டப்படிப்பும் படிக்கிறேன். புள்ளியியல் வகுப்பில் சிறுநீரகக் கல் சிகிச்சை பற்றிய பழைய அட்டவணை ஒன்றைக் காட்டினார்கள். சின்னக் கல்லுக்குத் திறந்த அறுவை சிகிச்சைதான் மேல். பெரிய கல்லுக்கும் அதுதான் மேல். ஆனால் எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் இன்னொரு சிகிச்சை ஜெயிக்கிறது! திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்துவிட்டேன், அதேதான் வருகிறது. ஆசிரியர் “நிபந்தனை நிகழ்தகவு” என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். இதில் எது பொய்? ஒரு நோயாளி என்னைக் கேட்டால் நான் எந்த எண்ணைச் சொல்வது?
— வாசகி, ஈசூன்

பதில்:

சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கூட்டல் சரி, அட்டவணையும் சரி. அதிலுள்ள எந்த எண்ணும் பொய்யில்லை. அதனால் குற்றவாளியைத் தேடுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு சதவீதமும் எந்தக் கேள்விக்குப் பதிலாக நிற்கிறது என்று பார்ப்போம். மருத்துவர்கள் கொண்டுவரும் எண்களைப் பிரித்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. இந்தச் சிக்கல் வேறு வேறு வேடத்தில் என் மேசைக்கு அடிக்கடி வரும். நீங்கள் பார்த்த அட்டவணை அதன் மிகச் சுத்தமான வடிவம் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

அது 1986இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் சாரிக் என்பவரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. அதிர்வலையால் கல்லை உடைக்கும் சிகிச்சையும் அந்த ஆய்வில் உண்டு. வகுப்புகளில் வழக்கமாக அதை விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் காட்டுவார்கள். ஒன்று, விலாப்பக்கம் கிழித்துச் சிறுநீரகத்தைத் திறந்து கல்லை எடுப்பது. இன்னொன்று, முதுகுப்பக்கம் ஒரு சிறு துளை போட்டு, அதன் வழியாகக் கருவியை உள்ளே செலுத்திக் கல்லை எடுப்பது. முன்னதைத் திறந்த அறுவை என்றும் பின்னதைத் துளை சிகிச்சை என்றும் சொல்லிக்கொள்வோம். மூன்று மாதம் கழித்துக் கல் அறவே இல்லாமலோ, 2 மில்லிமீட்டருக்கும் குறைந்த துணுக்காகவோ இருந்தால் வெற்றி என்று கணக்கு. இரண்டு பக்கமும் 350 பேர். 1994இல் ஜூலியஸ், முல்லி என்ற இருவர் அதே இதழில் இந்த எண்களை எடுத்து, நீங்கள் கேட்கும் இந்தப் புதிருக்கு உதாரணமாகக் காட்டினார்கள்.

| கல்லின் அளவு | திறந்த அறுவை | துளை சிகிச்சை |
|---|---|---|
| 2 செ.மீ.க்குக் குறைவு | 87 பேரில் 81 (93%) | 270 பேரில் 234 (87%) |
| 2 செ.மீ. அல்லது அதற்கு மேல் | 263 பேரில் 192 (73%) | 80 பேரில் 55 (69%) |
| மொத்தம் | 350 பேரில் 273 (78%) | 350 பேரில் 289 (83%) |

இதைப் பார்க்கும் எல்லாருடைய கண்ணும் நேராக அடைப்புக்குறிக்குள் இருக்கும் சதவீதத்துக்குத்தான் போகும். ஒரு நிமிடம் அதை மறைத்துவிட்டு “எத்தனை பேரில்” என்ற எண்களை மட்டும் பாருங்கள். திறந்த அறுவையில் சின்னக் கல்காரர்கள் 87 பேர், பெரிய கல்காரர்கள் 263 பேர். துளை சிகிச்சையில் 270, 80. கிட்டத்தட்டத் தலைகீழ். விஷயம் முழுக்க இந்த நான்கு எண்களில் இருக்கிறது.

இது தற்செயலாக நடந்ததில்லை. பெரிய கல் என்றால் வேலை கடினம். அப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் கத்திக்குப் போயிருக்கிறார்கள். சின்னக் கல் என்றால் துளையோடு முடிந்திருக்கிறது. நோயாளியின் நிலைமையைப் பார்த்துத்தான் மருத்துவர் சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பார், அது அவருடைய கடமையும்கூட. வார்டில் இதை நீங்கள் தினமும் பார்ப்பவர். நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் அந்த நல்ல பழக்கம்தான் பிற்பாடு கணக்கெடுக்கும்போது காலை வாருகிறது. கடினமான ஆட்களை ஏற்றுக்கொண்ட சிகிச்சை மொத்தத்தில் மோசமாகத் தெரியும்.

நம் ஊர்ப் பெற்றோருக்கு இது புதிதில்லை. கணக்கில் தட்டுத் தடுமாறும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் டியூஷன் ஆசிரியர் ஒருவர்; ஏற்கெனவே நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுக்கும் நிலையம் ஒன்று. தேர்ச்சி விகிதத்தை மட்டும் விளம்பரத்தில் போட்டால் யார் ஜெயிப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அது கற்பித்தலைப் பற்றி எவ்வளவு சொல்கிறது என்பதும் தெரியும்.

சரி, இதை நிபந்தனை நிகழ்தகவில் எழுதுவோம். உங்கள் ஆசிரியர் தாண்டிப்போன ஸ்லைடு இதுதான்.

P(வெற்றி | துளை) என்று எழுதினால், “துளை சிகிச்சை பெற்றவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், அவர்களில் வெற்றி கண்டவர்களின் பங்கு எவ்வளவு” என்று பொருள். நடுவிலுள்ள கோட்டுக்கு வலப்பக்கம் இருப்பது நிபந்தனை. யாரையெல்லாம் கணக்கில் சேர்க்கிறோம் என்று அது சொல்கிறது. P(வெற்றி | துளை, சிறியது) என்றால் துளை சிகிச்சை பெற்ற சின்னக் கல்காரர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அட்டவணையின் முதல் இரண்டு வரிகளில் இருப்பவை இந்த இரண்டாவது வகை. கடைசி வரியில் இருப்பது முதல் வகை. இரண்டையும் இணைப்பது மொத்த நிகழ்தகவு விதி:

```
P(வெற்றி | துளை) =
    P(வெற்றி | துளை, சிறியது) × P(சிறியது | துளை)
  + P(வெற்றி | துளை, பெரியது) × P(பெரியது | துளை)
```

திறந்த அறுவைக்கும் இதே வாய்பாடுதான். “துளை” இருக்கும் இடத்திலெல்லாம் “திறந்த” என்று போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியிலும் பெருக்கலின் இரண்டாவது பகுதியைக் கவனியுங்கள். அதை எடை என்பார்கள். P(சிறியது | துளை) என்பது துளை சிகிச்சைக்கு வந்தவர்களில் சின்னக் கல்காரர்களின் பங்கு: 350இல் 270, அதாவது 77%. P(சிறியது | திறந்த) என்பது 350இல் 87, அதாவது 25%. இந்த எண்ணுக்கும் சிகிச்சையின் திறமைக்கும் சம்பந்தமே இல்லை. யார் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தார்கள் என்பதைத்தான் அது சொல்கிறது. ஆனால் மொத்தச் சதவீதத்துக்குள் அதுவும் சத்தமில்லாமல் கலந்துவிடுகிறது.

எண்களைப் போட்டுப் பார்த்தால் இப்படி வரும்:

```
திறந்த: 0.931 × 0.249 + 0.730 × 0.751 = 0.780
துளை:  0.867 × 0.771 + 0.688 × 0.229 = 0.826
```

மேல் வரியில் பெரிய எடை 0.730 மேல் விழுகிறது. கீழ் வரியில் பெரிய எடை 0.867 மேல் விழுகிறது. திறந்த அறுவை தன்னுடைய கடினமான பிரிவின் எண்ணை நோக்கி இழுக்கப்படுகிறது, துளை சிகிச்சை தன்னுடைய சுலபமான பிரிவின் எண்ணை நோக்கி. கடைசி வரியில் 78ஐயும் 83ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, பெரும்பாலும் பெரிய கல்லையும் பெரும்பாலும் சின்னக் கல்லையும்தான் நாம் ஒப்பிடுகிறோம். சிகிச்சைகளை ஒப்பிடுவதாக நினைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

“இரண்டிலும் மேல் என்றால் கூட்டினாலும் மேலாகத்தானே இருக்கவேண்டும்” என்று மனசு அடம்பிடிக்கும். அந்த உள்ளுணர்வு முழுக்கத் தவறும் இல்லை. இரண்டு பக்கமும் எடைகள் ஒன்றாக இருந்தால் அது நூற்றுக்கு நூறு உண்மை. தலைகீழாக வாய்ப்பே கிடையாது. அதைச் செய்தே பார்க்கலாம். மொத்தம் 700 பேரில் சின்னக் கல் 357 பேருக்கு, அதாவது 51%. பெரிய கல் 343 பேருக்கு, 49%. இந்த 700 பேர் எல்லாரையும் திறந்த அறுவைக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும், எல்லாரையும் துளை சிகிச்சைக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்போம். பிரிவுக்குள் கிடைத்த வெற்றி விகிதம் அப்படியே நீடிக்கும் என்று வைத்துக்கொண்டு, இரண்டுக்கும் அதே 0.51, 0.49 எடைகளைப் போட்டால்:

```
திறந்த: 0.931 × 0.51 + 0.730 × 0.49 = 0.833
துளை:  0.867 × 0.51 + 0.688 × 0.49 = 0.779
```

முதலில் 78க்கு 83 என்று இருந்தது, இப்போது 83க்கு 78. கிட்டத்தட்ட அப்படியே இடம் மாறிவிட்டது. இதைத் தரப்படுத்தல் என்பார்கள். ஆய்வுக் கட்டுரைகளில் “கல்லின் அளவுக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்டது” என்று வரும்போது, எளிய வடிவில் அதன் உள்ளே நடப்பது இந்தப் பெருக்கல்தான். கையடக்கக் கணிப்பானில் ஒரு நிமிட வேலை.

இதற்குச் சிம்ப்சன் முரண் என்று பெயர். எட்வர்ட் சிம்ப்சன் 1951இல் எழுதிய கட்டுரையை வைத்து, 1972இல் காலின் பிளைத் வைத்த பெயர். உண்மையில் 1903இலேயே யூல் இதைப் பற்றி எழுதிவிட்டார். கண்டுபிடித்தவருக்குப் பெயர் போய்ச் சேராதது புள்ளியியலில் சகஜம்.

இப்போது, உங்களைப் போல் தாளைப் புரட்டுபவர்களுக்கு உதவும் ஒரு சோதனை சொல்கிறேன். மொத்தச் சதவீதம் எப்போதும் பிரிவுகளின் சதவீதங்களுக்கு இடையில்தான் விழும். திறந்த அறுவையின் மொத்தம் 73க்கும் 93க்கும் நடுவில் எங்கேயாவது இருக்கலாம். துளை சிகிச்சையின் மொத்தம் 69க்கும் 87க்கும் நடுவில் எங்கேயாவது இருக்கலாம். இந்த இரண்டு எல்லைகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. அதனால் எடைகளை எப்படிப் போடுகிறோம் என்பதைப் பொறுத்து யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம். ஒருவேளை துளை சிகிச்சையின் எண்கள் 60, 70 என்று இருந்திருந்தால்? அதன் மிகச் சிறந்த எண்கூடத் திறந்த அறுவையின் மிக மோசமான எண்ணை எட்டியிருக்காது. யாரை எங்கே அனுப்பினாலும் தலைகீழாகியிருக்காது.

ஆக, தலைகீழாவதற்கு இரண்டு விஷயங்கள் சேரவேண்டும். முதலாவது, பிரிவுகளுக்கு இடையிலான வித்தியாசம் சிகிச்சைகளுக்கு இடையிலான வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருக்கவேண்டும். இங்கே கல்லின் அளவால் வரும் வித்தியாசம் கிட்டத்தட்ட 20 புள்ளி. சிகிச்சையால் வரும் வித்தியாசம் 4லிருந்து 6 புள்ளி. இரண்டாவது, அந்தப் பெரிய வித்தியாசத்தைத் தரும் காரணி இரண்டு பக்கமும் ஏற்றத்தாழ்வாகப் பரவியிருக்கவேண்டும். இங்கே 25%க்கு 77%. ஒரு கட்டுரையில் மொத்தத்தை மட்டும் கொடுத்திருந்தால், நோயாளிகளின் அடிப்படை விவரங்களைக் கொடுக்கும் முதல் அட்டவணைக்குப் போங்கள். வயது, நோயின் தீவிரம், கல்லின் அளவு மாதிரியான விஷயங்களில் இரண்டு பத்திகளும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பாருங்கள். பெரிய விலகல் இருந்து, அந்த விஷயம் முடிவையும் பலமாகப் பாதிக்கும் என்றால், மொத்தச் சதவீதத்தை நான் நம்பமாட்டேன்.

சீட்டுக் குலுக்கி ஆளைப் பிரிக்கும் ஆய்வுகளுக்கு இவ்வளவு மரியாதை ஏன் என்பதும் இங்கேதான் புரியும். சீட்டுக்குக் கல்லின் அளவு தெரியாது. போதுமான ஆட்கள் இருந்தால் P(சிறியது | துளை), P(சிறியது | திறந்த) இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். அளந்த விஷயத்தில் மட்டுமில்லாமல், அளக்க மறந்த விஷயத்திலும் அப்படியே. 1986 ஆய்வில் அப்படிப் பிரிக்கவில்லை. அதனால் அளவுக்குச் சரிசெய்த பிறகும், கல் எந்த இடத்தில் இருந்தது, நோயாளியின் உடல்நிலை எப்படி, செய்தவரின் கை எவ்வளவு பழகியது என்ற கேள்விகள் அப்படியே நிற்கின்றன. 83க்கு 78 என்று நாம் மேலே கணக்கிட்டது கல்லின் அளவு என்ற ஒரு விஷயத்தை மட்டும் சமப்படுத்தியது, அதற்குமேல் அதற்கு உரிமை இல்லை.

அட்டவணையைக் காட்டும் பலர் சொல்லாமல் விடுவது இன்னொன்று உண்டு. பெரிய கல் வரியில் துளை சிகிச்சைக்கு 80 பேர்தான். அதில் 55 பேருக்கு வெற்றி. 55க்குப் பதில் 59 பேருக்கு வெற்றி கிடைத்திருந்தால் அது 73.75% ஆகி, திறந்த அறுவையின் 73.0%ஐத் தாண்டியிருக்கும். வெறும் நான்கு பேர்! “இரண்டு வரியிலும் மேல்” என்ற வாக்கியமே அந்த நான்கு பேரைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. சின்னக் கல் வரியில் வித்தியாசம் கொஞ்சம் பெரிது, ஆனால் அங்கேயும் திறந்த அறுவையின் பக்கம் 87 பேர்தான். எனவே எடைகள் மாறினால் மொத்தம் தலைகீழாகும் என்ற கணக்குப் பாடத்துக்கு இந்த அட்டவணை அருமையான சான்று. திறந்த அறுவைதான் சிறந்தது என்பதற்கு அது பலவீனமான சான்று. வகுப்பில் இந்த இரண்டையும் ஒன்றாகச் சுருட்டிக் கொடுத்துவிடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு.

அப்புறம், “அப்படியானால் எப்போதும் பிரித்துப் பார்த்தால் சரி” என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். பலர் அங்கேதான் போய் நிற்கிறார்கள். பிரிப்பதே ஏமாற்றும் இடங்களும் உண்டு.

ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்போம். எண்கள் என்னுடையவை, எந்த ஆய்விலும் இல்லாதவை. ரத்தக்கொதிப்புக்குப் பழைய மாத்திரை 100 பேருக்கு, புதிய மாத்திரை 100 பேருக்கு. யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தாயிற்று. சில ஆண்டுகள் கழித்துப் பக்கவாதம் வராமல் தப்பியவர்களை எண்ணுகிறோம். யாரோ ஒருவர், மாத்திரை எடுத்த பிறகு கொதிப்பு கட்டுக்குள் வந்தவர்கள், வராதவர்கள் என்று பிரித்துப் பார்க்கிறார்.

| மாத்திரைக்குப் பிறகு | பழையது | புதியது |
|---|---|---|
| கட்டுக்குள் வந்தது | 40 பேரில் 38 (95%) | 80 பேரில் 72 (90%) |
| வரவில்லை | 60 பேரில் 39 (65%) | 20 பேரில் 12 (60%) |
| மொத்தம் | 100 பேரில் 77 | 100 பேரில் 84 |

கல் அட்டவணையின் அதே உருவம். இரண்டு பிரிவிலும் பழைய மாத்திரை மேல், மொத்தத்தில் புதியது மேல். ஆனால் இங்கே நம்பவேண்டியது கடைசி வரியை. ஏனென்றால் 80க்கு 40 என்ற அந்த ஏற்றத்தாழ்வு இப்போது நோயாளிகள் வந்த வழியால் உண்டானதில்லை. அது மாத்திரையே செய்த வேலை. 100 பேரில் 80 பேருடைய கொதிப்பைக் கீழே கொண்டுவந்ததுதான் புதிய மாத்திரையின் சாதனை. P(கட்டுக்குள் | புதியது) என்ற எடை இங்கே சிகிச்சையின் பலனில் ஒரு பகுதி. கொதிப்பு வாரியாகப் பிரித்து எடைகளைச் சமப்படுத்தினால் அந்தப் பலனை நாமே அழித்துவிடுகிறோம். மிஞ்சுவது புதிய மாத்திரைக்கு இருக்கக்கூடிய ஏதோ ஒரு சிறு பக்கவிளைவு. அதை மட்டும் பார்த்து மாத்திரையையே வேண்டாம் என்போம்.

ஆகவே இரண்டு அட்டவணைகளையும் எண்களை மட்டும் வைத்து வேறுபடுத்தவே முடியாது. கணினியிடம் கொடுத்தாலும் அதற்கும் தெரியாது. கேட்கவேண்டிய கேள்வி எண்ணுக்கு வெளியே இருக்கிறது: எது முதலில் வந்தது? கல்லின் அளவு சிகிச்சைக்கு முன்பே இருந்தது. அது மருத்துவரின் முடிவையும் பாதித்தது, குணமாவதையும் பாதித்தது. அப்படிப்பட்டதைப் பிரித்துத்தான் பார்க்கவேண்டும். மாத்திரைக்குப் பிந்தைய ரத்தக்கொதிப்பு சிகிச்சையால் விளைந்தது. மாத்திரையின் முழுப் பலனைத் தெரிந்துகொள்வதற்காக அதைப் பிரிக்கக் கூடாது. இந்த முன்பின் விவரம் உங்கள் கேஸ் ஷீட்டில் இருக்கும், புள்ளியியல் மென்பொருளில் இருக்காது. இதற்காகத்தான் நான் எந்த அட்டவணை வந்தாலும் வார்டில் வேலை பார்ப்பவர்களிடம் முதலில் பேசுவேன். யாரை எந்தச் சிகிச்சைக்கு எதற்காக அனுப்பினீர்கள் என்ற கேள்விக்கு அவர்கள் சொல்லும் பதில்தான் எந்த வரியைப் படிப்பது என்பதை முடிவு செய்கிறது.

எல்லா விஷயமும் இவ்வளவு சுலபமாக இரண்டு பெட்டிக்குள் அடங்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிகிச்சைக்கு முன் பாதி, பின் பாதி என்று நிற்கும் விஷயங்கள் உண்டு. பல மாதம் தொடரும் சிகிச்சையில், இந்த மாதத்து ரத்தப் பரிசோதனை முடிவு போன மாதத்து மருந்தின் விளைவு, அதுவே அடுத்த மாதத்து மருந்தளவுக்குக் காரணம். அதை வெறுமனே பிரித்தாலும் தவறு, பிரிக்காமல் விட்டாலும் தவறு. அதற்கென்று வேறு முறைகள் இருக்கின்றன, உங்கள் பாடத்திட்டத்தில் இப்போதைக்கு அது வராது.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. நோயாளி கேட்டால் எந்த எண்?

நோயாளி ஒருவர் கேட்கும்போது அவருக்கு ஏற்கெனவே ஸ்கேன் எடுத்திருப்பார்கள். அறிக்கையில் கல் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கும். அது தெரிந்த பிறகு P(வெற்றி | துளை) அவருக்குப் பொருந்தாது. அவருடைய கேள்வி P(வெற்றி | துளை, என்னுடைய கல்). 25 மில்லிமீட்டர் கல்லோடு வந்திருப்பவரிடம் 83% என்று சொன்னால், பெரும்பாலும் சின்னக் கல்காரர்களின் நற்செய்தியை அவருக்குப் படித்துக் காட்டுகிறீர்கள். அந்த அட்டவணைப்படி அவருடைய வரியில் இருப்பது 69%. மொத்த எண்ணுக்கும் உபயோகம் இல்லாமல் இல்லை. “போன வருடம் நாம் துளை சிகிச்சை செய்தவர்களில் எத்தனை பேர் திரும்ப வரக்கூடும், எத்தனை படுக்கை ஒதுக்குவது” என்று நிர்வாகம் கேட்டால், வருகிறவர்களின் கலவை மாறாதவரை, அதற்குப் பதில் மொத்த எண்தான். அங்கே சிகிச்சைகளை யாரும் ஒப்பிடவில்லை, அதனால் கலவை இடைஞ்சலாக இல்லை. கலவையும் சேர்ந்ததுதான் கேள்வி.

ஆனால் இந்த 1986ஆம் ஆண்டு எண்களை எந்த நோயாளியிடமும் சொல்லவேண்டாம். அப்போது துளை சிகிச்சை புதிது. இன்று 2 சென்டிமீட்டரைத் தாண்டிய சிறுநீரகக் கல்லுக்குப் பெரும்பாலும் முதலில் யோசிப்பதே அதைத்தான். திறந்த அறுவை அபூர்வமாகிவிட்டது. சிறுநீர்ப் பாதை வழியாகவே குழாய் செலுத்தி லேசரால் கல்லைப் பொடியாக்கும் முறையும் வந்துவிட்டது. அதோடு, வெற்றி என்பதை மட்டும் வைத்து யாரும் சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பதில்லை. எத்தனை நாள் படுக்கை, எவ்வளவு வலி, எவ்வளவு ரத்த இழப்பு, எப்போது வேலைக்குத் திரும்பலாம் என்பதெல்லாம் தராசில் ஏறும். உங்கள் மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவில் இப்போதைய வெற்றி விகிதத்தைக் கேட்டு வாங்குங்கள். கேட்கும்போதே, கல்லின் அளவுவாரியாகவும், ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர் என்பதோடும் கேளுங்கள். சதவீதத்தை மட்டும் கொடுத்தால், அந்த ஆள் எண்ணிக்கையையும் கேட்டு வாங்கும் வரை நகராதீர்கள்.